பழைய எண் சுழியமாக இருந்தால் விழுக்காட்டை எப்படிப் போடுவது?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பூசைப் பொருள் கடை என்று வைத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரி விற்பனையையும் 2025 பிப்ரவரி விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது ஏறியது, எது இறங்கியது என்று விழுக்காட்டில் பார்க்க வேண்டும். எக்செலில் இதற்கு ஒரு வரி போதும். ஆனால் அந்த ஒரு வரி, பழைய எண் சுழியமாகவோ காலியாகவோ இருக்கும் இடத்தில் முறிந்துவிடும். சில இடங்களில் முறியாமலேயே தப்பான விடையைத் தரும். அதுதான் கூடுதல் ஆபத்து.

கீழே உள்ள கடையும் எண்களும் விளக்கத்துக்காக நான் எழுதியவை. திருவிழாத் தேதிகள் மட்டும் உண்மையானவை. கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்களும் இதே ஃபார்முலாக்களை அப்படியே பயன்படுத்தலாம்.

முதலில் சாதாரண ஃபார்முலாவைப் போட்டுப் பாருங்கள்

புதிய தாளில் A நெடுவரிசையில் பொருளின் பெயர், B-யில் பிப்ரவரி 2024, C-யில் பிப்ரவரி 2025. முதல் வரி தலைப்பு, எண்கள் இரண்டாம் வரியிலிருந்து தொடங்குகின்றன. எல்லாம் மலேசிய ரிங்கிட், அதாவது வெள்ளிக் கணக்கு.

| வரி | பொருள் | பிப். 2024 | பிப். 2025 |
|---|---|---|---|
| 2 | கற்பூரம் | 640 | 1120 |
| 3 | சிதறு தேங்காய் மூட்டை | 0 | 4800 |
| 4 | பால்குடம் | 150 | 900 |
| 5 | குத்துவிளக்கு | 1250 | 1000 |
| 6 | பன்னீர் | (காலி) | 310 |
| 7 | கொலு பொம்மை | 0 | 0 |
| 8 | ஊதுபத்தி | 800 | (காலி) |
| 9 | சந்தனம் | - | 275 |

D2 கட்டத்தில் இதை எழுதி, D9 வரை கீழே இழுத்துவிடுங்கள்:

```
=(C2-B2)/B2
```

புதிய எண்ணிலிருந்து பழையதைக் கழித்து, வந்ததைப் பழைய எண்ணால் வகுக்கிறோம். கற்பூரத்துக்கு 480-ஐ 640-ஆல் வகுத்தால் 0.75. D நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து `Ctrl+Shift+5` அழுத்தினால் அது 75% என்று மாறும். ஃபார்முலாவுக்குள் நீங்களே 100-ஆல் பெருக்கிவிடாதீர்கள். பெருக்கிவிட்டு விழுக்காட்டு வடிவத்தையும் கொடுத்தால் 7500% வந்து நிற்கும்.

இப்போது மற்ற வரிகளைப் பாருங்கள். பால்குடம் 500%, குத்துவிளக்கு -20%. இவை சரி. தேங்காய், பன்னீர், கொலு பொம்மை மூன்றிலும் `#DIV/0!`. சந்தனத்தில் `#VALUE!`. ஊதுபத்தியில் மட்டும் பிழை எதுவும் இல்லை, -100% என்று அமைதியாக நிற்கிறது. உண்மையில் ஊதுபத்தி விற்காமல் போகவில்லை, அந்த மாதத்து பில்களை இன்னும் யாரும் ஏற்றவில்லை. காலிக் கட்டம் கணக்குக்குள் வந்தால் எக்செல் அதைச் சுழியம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் பழைய எண் காலியாக இருந்தால் பிழை வருகிறது, புதிய எண் காலியாக இருந்தால் -100% வருகிறது. `#DIV/0!`-ஐ மட்டும் துரத்துகிறவர்கள் கண்ணில் இந்த இரண்டாவது படுவதே இல்லை.

IFERROR ஏன் வேண்டாம்

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து இதுதான்:

```
=IFERROR((C2-B2)/B2,0)
```

பிழை வந்தால் அதற்குப் பதில் 0 காட்டு என்று பொருள். தாள் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் தேங்காய் வரியைப் பாருங்கள்: சுழியத்திலிருந்து 4800 வெள்ளிக்குப் போன பொருள் 0% என்று நிற்கிறது. அதாவது மாற்றமே இல்லையாம். முதலாளி அதை அப்படியே நம்பி அடுத்த ஆண்டுக்கு மூட்டை சொல்லாமல் விட்டால் குற்றம் ஃபார்முலாவுடையது.

0-க்குப் பதில் `""` கொடுத்துக் காலியாக விட்டால் பொய்யாவது இல்லை. ஆனாலும் IFERROR எல்லாப் பிழைகளையும் ஒரே போர்வைக்குள் மூடிவிடுகிறது. சந்தனத்தின் `#VALUE!` என்பது எண் இருக்க வேண்டிய இடத்தில் கோடு இருக்கிறது என்ற எச்சரிக்கை. யாராவது ஒரு நெடுவரிசையை அழித்துவிட்டால் வரும் `#REF!` அதைவிடப் பெரிய எச்சரிக்கை. இவையும் மறைந்துபோகும். ஊதுபத்தியின் -100% மட்டும் மறையாது, ஏனென்றால் அது பிழையே அல்ல. மறைய வேண்டியது நிற்கிறது, நிற்க வேண்டியது மறைகிறது.

காலியும் சுழியமும் ஒன்றல்ல

ஃபார்முலாவுக்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கட்டத்தில் 0 இருந்தால், அந்தப் பொருள் கணக்கில் இருந்தது, விற்கவில்லை என்று பொருள். கட்டம் காலியாக இருந்தால், நமக்கு எண் தெரியாது என்று பொருள். பொருளே அப்போது கடையில் இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது பில் ஏற்றப்படாமல் இருக்கலாம். இந்தக் கடையில் பன்னீர் 2024 செப்டம்பரில்தான் வந்தது. ஆகவே பிப்ரவரிக்குக் காலி என்பது சரியான பதிவு. அதில் 0 போடக்கூடாது.

கோட்டுக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். சில விற்பனை இயந்திரங்கள் அறிக்கையை எடுத்துக் கொடுக்கும்போது விற்பனை இல்லாத நாளுக்கு "-" என்று போடும். எக்செலுக்கு அது எழுத்து, எண் அல்ல. உங்கள் இயந்திரம் அப்படிப் போடுவது சுழியத்தைக் குறிக்கத்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அந்த நெடுவரிசையில் கோட்டை 0 ஆக மாற்றுங்கள். `Ctrl+H` எடுக்கும்போது `Match entire cell contents` என்ற பெட்டியைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் -50 என்று இருக்கும் எண்ணிலுள்ள கழித்தல் குறியும் சேர்ந்து மாறி 050 ஆகி, கடைசியில் 50 ஆக நிற்கும்.

இப்போது ஃபார்முலா

D2-இல் இருப்பதை அழித்துவிட்டு இதை எழுதுங்கள்:

```
=IF(COUNT(B2:C2)<2,"பதிவு இல்லை",IF(B2=0,IF(C2=0,0,"முன்பு 0"),(C2-B2)/B2))
```

நீளமாகத் தெரிந்தாலும் இது கேட்பது மூன்று கேள்விகள்தான், இடமிருந்து வலமாக.

முதல் கேள்வி: இரண்டு கட்டங்களிலும் உண்மையான எண் இருக்கிறதா? `COUNT` எண்களை மட்டுமே எண்ணும். காலிக் கட்டம், கோடு, இடைவெளி, வேறொரு ஃபார்முலா தந்த வெற்று `""` எதையும் அது கணக்கில் சேர்க்காது. இரண்டுக்குக் குறைந்தால் "பதிவு இல்லை" என்று சொல்லி நிறுத்திவிடும். இதற்கு `ISBLANK` ஏன் போடவில்லை என்றால், அது முழுக்கக் காலியான கட்டத்தை மட்டுமே பிடிக்கும். `""` தரும் ஃபார்முலா உள்ளே இருந்தால் கண்ணுக்குக் காலியாகத் தெரியும், `ISBLANK` மட்டும் இல்லை என்று சொல்லும். `B2>0` என்று சோதிப்பதும் உதவாது. எக்செலின் ஒப்பீட்டில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது, ஆகவே "-" அந்தச் சோதனையில் தேறிவிடும்.

இரண்டாவது: பழைய எண் சுழியமா? இந்தக் கேள்வி முதல் கேள்விக்குப் பிறகுதான் வர வேண்டும். ஏனென்றால் காலிக் கட்டத்தைக் காட்டி `B2=0` என்று கேட்டாலும் எக்செல் ஆமாம் என்றுதான் சொல்லும். வரிசையை மாற்றினால் காலியும் சுழியமும் மறுபடியும் கலந்துவிடும்.

மூன்றாவது: பழையது சுழியமாக இருக்கும்போது புதியதும் சுழியமா? கொலு பொம்மை போல இரண்டும் சுழியம் என்றால் 0% போடுகிறேன். கணக்குப்படி சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க முடியாது என்று வாதிடலாம். ஆனால் நவராத்திரிக்கு மட்டும் விற்கும் பொருள் இரண்டு பிப்ரவரியிலும் விற்கவில்லை என்றால் மாற்றம் இல்லை என்பதுதான் கடைக்காரருக்கு வேண்டிய செய்தி. புதியதில் விற்பனை இருந்தால் "முன்பு 0". இங்கே சிலர் 100% என்று போடுகிறார்கள். அதற்கு அடிப்படையே கிடையாது. 100% என்றால் இரு மடங்கு ஆனது என்று பொருள், சுழியத்துக்கு இரு மடங்கு சுழியம்தான்.

கீழே இழுத்ததும் D நெடுவரிசை இப்படி வரும்: 75%, முன்பு 0, 500%, -20%, பதிவு இல்லை, 0%, பதிவு இல்லை, பதிவு இல்லை. ஊதுபத்தியின் பொய்யான -100% போய்விட்டது. சந்தனத்தின் கோட்டை 0 ஆக மாற்றினால் அந்த வரியும் "முன்பு 0" ஆகும். ஊதுபத்தி பில்களைத் தேடி ஏற்றிவிட்டு C8-இல் 960 போட்டால் 20% வரும்.

ஒப்பிடும் நெடுவரிசைகள் அடுத்தடுத்து இல்லாமல் B-யும் F-உம் என்று தள்ளி இருந்தால் `COUNT(B2:F2)` என்று எழுதாதீர்கள், நடுவில் உள்ள எண்களும் சேர்ந்துவிடும். `COUNT(B2,F2)` என்று எழுதுங்கள்.

ஃபார்முலாவை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பி ஒட்டச் சொன்னால் சில சமயம் `#NAME?` வரும். பெரும்பாலும் நேர்மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். எக்செலுக்குள் அவற்றை அழித்து விசைப்பலகையிலிருந்து திரும்பத் தட்டினால் சரியாகும்.

எண் தெரிகிறது, ஆனாலும் "பதிவு இல்லை" என்கிறதே

இது அடிக்கடி வரும் குழப்பம். B5-இல் 1250 கண் எதிரே இருக்கும், D5 "பதிவு இல்லை" என்று சொல்லும். ஃபார்முலா சொல்வது சரி. அந்த 1250 எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நிற்பது ஓர் அடையாளம். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் `=ISNUMBER(B5)` எழுதிப் பாருங்கள், `FALSE` வந்தால் எழுத்துதான்.

பழைய சாதாரண ஃபார்முலா இதைக் காட்டிக்கொடுத்திருக்காது. வகுக்கும்போது எக்செல் எழுத்தைத் தானே எண்ணாக மாற்றிக்கொண்டு -20% என்று சரியாகவே சொல்லியிருக்கும். ஆனால் கீழே `SUM` போட்டால் அந்த 1250 சேராது. விழுக்காடு சரி, கூட்டுத்தொகை தப்பு என்று எங்கே ஓட்டை என்று தெரியாமல் தேடிக்கொண்டிருப்பீர்கள். எக்செலில் அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, `Data` பட்டியலில் `Text to Columns` திறந்து, எதையும் மாற்றாமல் `Finish` அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாகிவிடும்.

மொத்த வரி

சந்தனமும் ஊதுபத்தியும் திருத்தப்பட்ட பிறகு, B10-இல் `=SUM(B2:B9)`, C10-இல் `=SUM(C2:C9)`. விடை 2840, 9365. D10-க்கு மேலே உள்ள விழுக்காடுகளின் சராசரியை எடுக்காதீர்கள், D9-இல் உள்ள ஃபார்முலாவையே ஒரு வரி கீழே இழுங்கள். மொத்த வளர்ச்சி ஏறக்குறைய 230% என்று வரும்.

`=AVERAGE(D2:D9)` எழுதியிருந்தால் 115% வந்திருக்கும். `AVERAGE` எழுத்துக் கட்டங்களைத் தாண்டிப் போய்விடுவதால் 75, 500, -20, 0, 20 ஆகிய ஐந்தை மட்டும் கூட்டி ஐந்தால் வகுக்கிறது. மாதத்தின் மிகப் பெரிய விற்பனையான தேங்காய் அந்தச் சராசரிக்குள் இல்லவே இல்லை. 150 வெள்ளியில் தொடங்கிய பால்குடத்துக்கும் 1250 வெள்ளி விளக்குக்கும் அதில் ஒரே எடை.

வண்ணம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏறியவற்றைப் பச்சையாக்க `=D2>0` என்று விதி எழுதினால் "பதிவு இல்லை" கட்டங்களும் பச்சையாகும், மேலே சொன்ன அதே எழுத்து-எண் ஒப்பீட்டுக் காரணத்தால். `=AND(ISNUMBER(D2),D2>0)` என்று எழுதுங்கள்.

சுழியத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்கள்

பழைய விற்பனை 0 இல்லை, 5 வெள்ளி, புதியது 250. ஃபார்முலா தயங்காமல் 4900% என்று சொல்லும். பிழை இல்லை, பயனும் இல்லை. ஒரே ஒரு பொட்டலம் விற்றதும் விற்காததும் அந்த எண்ணைத் தலைகீழாக்கிவிடும். இதற்கு G1-இல் ஒரு கீழ்வரம்பு எழுதிவைத்து, அதற்குக் குறைந்த பழைய எண்ணுக்கு விழுக்காடே போடாமல் விடலாம். இந்தக் கடைக்கு 100 வெள்ளி பொருத்தமாக இருக்கும்.

```
=IF(COUNT(B2:C2)<2,"பதிவு இல்லை",IF(AND(B2=0,C2=0),0,IF(B2=0,"முன்பு 0",IF(B2<$G$1,"அடிப்படை சிறிது",(C2-B2)/B2))))
```

பழைய எண் கழித்தல் குறியோடு இருந்தாலும் இது தடுத்துவிடும். விற்றதைவிடத் திரும்பி வந்தது அதிகமான மாதத்தில் -400 என்று இருக்கலாம். அடுத்த ஆண்டு அது 200 ஆனால் சாதாரண ஃபார்முலா -150% என்று சொல்லும், நிலைமை தேறியிருக்கும்போது. `ABS` போட்டு வகுத்து +150% ஆக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, நட்டத்திலிருந்து லாபத்துக்கு வந்ததை விழுக்காட்டில் சொல்லவே முடியாது. இப்படிப்பட்ட வரிகளுக்காகத்தான் E நெடுவரிசையில் வெள்ளி வித்தியாசத்தையும் வைத்துக்கொள்வது நல்லது:

```
=IF(COUNT(B2:C2)<2,"",C2-B2)
```

தேங்காய்க்கு D "முன்பு 0" என்று நிற்கும்போது E 4800 என்று சொல்லும். முதலாளிக்கு வேண்டியது அதுதான்.

"முன்பு 0" வந்தால் நாட்காட்டியை எடுங்கள்

தேங்காய் ஏன் 2024 பிப்ரவரியில் விற்கவில்லை? அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25. ரதத்துக்கு முன்னால் உடைக்கும் தேங்காய் எல்லாம் ஜனவரியிலேயே போய்விட்டது. 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11. ஃபார்முலாவில் குறை இல்லை, ஒப்பிட்ட மாதங்கள்தான் பொருந்தவில்லை. கற்பூரத்தின் 75%-உம் பால்குடத்தின் 500%-உம் பிழை காட்டாவிட்டாலும் அதே கோளாறு உள்ளவைதான். தீபாவளியும் இப்படித்தான் நகரும்: 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31.

இந்த மாதிரிப் பொருள்களுக்கு ஜனவரியையும் பிப்ரவரியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். வேறொரு தாளில் B, C-யில் 2024-இன் இரண்டு மாதங்கள், D, E-யில் 2025-இன் இரண்டு மாதங்கள். F2-இல் `=SUM(B2:C2)`, G2-இல் `=SUM(D2:E2)`. தேங்காய் 2024-இல் 4500-உம் 0-உம், 2025-இல் 0-உம் 4800-உம் என்றால், 4500-இலிருந்து 4800. உண்மையான வளர்ச்சி 6.7%.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. காலிக் கட்டங்களைக் கூட்டினால் `SUM` 0 என்ற எண்ணைத் தரும். அதனால் `COUNT(F2:G2)` எப்போதும் 2 ஆகவே இருக்கும், பதிவு இல்லாததைப் பிடிக்காது. மூலக் கட்டங்கள் நான்கையும் எண்ண வேண்டும்:

```
=IF(COUNT(B2:E2)<4,"பதிவு இல்லை",IF(F2=0,IF(G2=0,0,"முன்பு 0"),(G2-F2)/F2))
```

2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1. அதற்கான விற்பனை ஏறக்குறைய முழுவதும் ஜனவரியில் விழும். பிப்ரவரியை மட்டும் பிப்ரவரியோடு ஒப்பிட்டால் தேங்காய் -100% பக்கம் சரியும், ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டால் "முன்பு 0" வரும். இரண்டு மாதமும் சேர்ந்த தாளில் மட்டும்தான் ஒழுங்கான எண் கிடைக்கும்.

பன்னீருக்கு இது உதவாது. 2024-இன் தொடக்கத்தில் கடையில் இல்லாத பொருளுக்கு எந்த மாதத்தைச் சேர்த்தாலும் பழைய எண் கிடைக்காது. அதை 2024 செப்டம்பருக்குப் பிந்தைய அதன் சொந்த மாதங்களோடு ஒப்பிடுங்கள். ஆண்டு ஒப்பீட்டை 2026 பிப்ரவரித் தாளில் 310-ஐ B நெடுவரிசைக்குக் கொண்டுவந்து தொடங்கலாம்.